பேறுகால விடுப்புக் கடிதமும் வார்டு சாவியும்

வணக்கம் நேயர்களே. நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மேஜைக்கு வந்த பேறுகால விடுப்புக் கடிதங்கள் பலவற்றில் 'விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற ஒரு வரிதான் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து என்று இருக்காது. அதை வைத்து எப்படி டியூட்டி போடுவது?

தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். முதல் பிரசவம், டாக்டர் குறித்த தேதி டிசம்பர் 15. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, இவருக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தைத் தருகிறது. குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், அதாவது அக்டோபர் 20 முதல். அன்றே தொடங்கினால் ஏப்ரல் 19 வரை விடுப்பு. குழந்தையோடு கூடுதல் நாள் இருக்க வேண்டுமென்றால் நவம்பர் 17 வரை வேலை பார்த்துவிட்டு மறுநாள் தொடங்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் கடிதத்தில் இந்தத் தேதிகள் இருக்க வேண்டும். டாக்டர் சான்றிதழை இணைத்து, பணத்தைத் தன் சார்பில் வாங்கக்கூடியவர் பெயரையும் எழுத வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்குப் பணம் அங்கிருந்து வரும். தமிழ்நாடு அரசு செவிலியருக்கு விதி வேறு. 2021 முதல் ஒரு வருடம்.

சரி, கடிதம் ஆயிற்று. அப்புறம் வார்டு. நோயாளிகளை ஒப்படைப்பது ஒவ்வொரு ஷிப்டிலும் நடப்பதுதான். அந்த நர்ஸ் மட்டும் பார்த்துவந்த வேலைகள்தான் கவலை. மார்ஃபின் அலமாரி சாவி, எமர்ஜென்சி டிராலி, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைக் குறிப்பு, மருந்து இன்டென்ட். ஒவ்வொன்றுக்கும் நேராக, இனி யார் பார்ப்பார் என்று பெயர் எழுதித் தர வேண்டும். 'மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

மார்ஃபின் ஒப்படைப்பைச் சொல்கிறேன். ஆம்பூல்களை மேஜையில் வைத்து இருவரும் எண்ண வேண்டும். பதிவேட்டின் இருப்போடு ஒத்துப்போனால், எண்ணிலும் எழுத்திலும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே சாவி கை மாறலாம். ஒன்று குறைந்தாலும் அங்கேயே நிறுத்தி வார்டு இன்சார்ஜைக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் கடைசி நாளுக்கு வைக்கக் கூடாது. விடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே, புதியவர் டிராலியைச் சரிபார்க்க, இவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் வார்டில் ஒரு நர்ஸுக்கு 35-ஆம் வாரத்திலேயே வலி வந்துவிட்டது. ராத்திரி அட்மிஷன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, அவரிடம் வேலை பழகிய பெண் டிராலியைத் திறந்து அட்ரினலின் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவருக்குப் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை.