மிஸ்கிட்ட சொல்லலாமா வேணாமா

எல்லாருக்கும் வணக்கம். டீச்சர்ஸ் நிறைய பேர் உக்காந்திருக்கீங்க, பெத்தவங்களும் வந்திருக்கீங்க, நான் எழுதுன ஒரு சின்ன கதைய சொல்றேன்.

செல்வம், குமார்னு ரெண்டு பேரு, பத்தாங்கிளாஸ், ஒரே பெஞ்ச். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்ல செல்வம் தாகத்துக்கு குமாரோட பாட்டில வாங்குறான், பாத்தா காலைல வீட்ல புடிச்ச தண்ணி கழுத்து வரைக்கும் அப்படியே இருக்கு, மறுநாளும் அதே மாதிரி. என்னடான்னு கேட்டு கேட்டு கடைசில குமார் வாய தொறக்குறான். இன்டர்வெல்ல பாத்ரூம் போனா ப்ளஸ் ஒன் அண்ணனுங்க மூணு பேரு வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு மேல தண்ணி ஊத்துறாங்களாம், அதனால ஸ்கூல்ல இருக்குற வரைக்கும் அந்த பக்கமே போறதில்ல, போகாம இருக்கணும்னா தண்ணி குடிக்கக் கூடாதுல்ல. யார்ட்டயும் சொல்லிராதடான்னு சத்தியம் வேற வாங்கிக்கிறான்.

செல்வத்துக்கு ராத்திரி தூக்கம் வரல. போன வருஷம் இன்னொரு பையன் இப்படித்தான் சார்கிட்ட போய் சொன்னான், சார் நல்ல மனசோட ரெண்டு பேரையும் கிளாஸ் முன்னாடி நிறுத்தி, கை குடுத்துக்கோங்கடான்னு முடிச்சிட்டாரு, அப்புறம் அவனுக்கு 'போட்டுக்குடுத்தவன்'னே பேரு, அடியும் டபுளாச்சு. சமமா சண்டை போட்ட ரெண்டு பேர கை குடுக்க வைக்கலாம், மூணு பேரு சேந்து ஒருத்தன மிதிக்கிறது சண்டையே கிடையாதுங்க.

பிள்ளைங்க பயத்த தயவுசெஞ்சு சும்மா கற்பனைன்னு சொல்லிறாதீங்க. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில ஒரு பையன் கூடப் படிக்கிறவங்க பண்ற சாதிக் கொடுமைய ஸ்கூல்ல சொன்னான், வீடு தேடி வந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டுனாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்கூல்ல சாதிப் பிரச்சினைய எப்படி தடுக்கலாம்னு பாக்க நீதிபதி சந்துரு கமிட்டியே போட்டாங்க.

செல்வம் சத்தியத்த மீறவும் இல்ல, சும்மா இருக்கவும் இல்ல. குமார்கிட்டயே போய், "நீ தனியா போக வேணாம், நான் கூட வர்றேன், சயின்ஸ் மிஸ் லேப்ல தனியாத்தான் இருப்பாங்க"ன்னு ரெண்டு நாளா பேசி சம்மதிக்க வைக்கிறான். என்னைக்கு, எந்த இடத்துல, யாரு யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டு போறாங்க. "எங்க பேரு வெளிய வரக்கூடாது மிஸ்"ங்கிறான்.

மிஸ் அன்னைக்கு யாரையும் கூப்பிடல. மறுநாள் இன்டர்வெல்ல பாத்ரூம் பக்கம் போய் நிக்கிறாங்க, தினமும். நாலாவது நாள் அந்த மூணு பேரையும் அவங்க கண்ணாலயே பாத்துடுறாங்க, இப்ப கம்ப்ளைன்ட் குடுத்தது மிஸ், பசங்க இல்ல. மூணு பேரோட வீட்டையும் தனித்தனியா வரவழைச்சு பேசுறாங்க, குமார அந்த ரூமுக்கே கூப்பிடல.

டீச்சர்ஸ், உங்க ஸ்கூல்ல இன்டர்வெல் நேரத்துல பாத்ரூம் பக்கம் யாருக்கு டியூட்டி? பேரு இல்லன்னா இந்த வாரமே போடுங்க. ஸ்கூல்ல காது குடுக்கலன்னா பிள்ளைங்களே கூப்பிடலாம், கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417, இல்லன்னா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098.