120 பேர் இருக்கும் வகுப்பில் உங்கள் சந்தேகத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போகிறீர்கள். அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள். முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

50 என்று சொன்னவர்கள் அந்த விடையை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் கட்டப்போகும் பயிற்சி மையத்தை இந்தத் தவறான விடையை வைத்தே சோதிக்கப் போகிறோம்.

முதலில் விளம்பரத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். சுவரொட்டி முழுக்க வெற்றி பெற்றவர்களின் படங்கள் இருக்கும். அவர்கள் அங்கே எந்த வகுப்பில் படித்தார்கள் என்று கேளுங்கள். குடிமைப்பணித் தேர்வில் முதல் இரண்டு கட்டங்களையும் தாமாகவே தாண்டிவிட்டு, கடைசியில் நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டும் வந்தவரின் படத்தையும் போட்டுக்கொள்வார்கள். இதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், படத்தோடு அவர் படித்த வகுப்பின் விவரத்தையும் போட வேண்டும் என்று சொன்னது. அந்த வரி இல்லாத சுவரொட்டியை நான் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை.

[திரையில்: 120 பேர், தினம் 30 நிமிடம், ஒரு சந்தேகத்துக்கு 4 நிமிடம்]

அடுத்து, 'தினமும் சந்தேகம் தீர்க்கும் நேரம் உண்டு' என்ற வாக்குறுதி. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 120 பேர். ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டே சந்தேகம் வந்தாலும் மொத்தம் 240. தினம் அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். ஒரு சந்தேகத்துக்கு நான்கு நிமிடம் என்றால் நாளொன்றுக்கு ஏழு, ஆறு நாட்களில் 42. மீதி 198 சந்தேகங்கள் தீராமலேயே அடுத்த வாரத்துக்குப் போகின்றன.

சரி, 40 பேர் மட்டுமே உள்ள வகுப்பு? 80 சந்தேகங்கள், தீர்வது அதே 42. 'சிறிய வகுப்பு' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வகுப்பில் எத்தனை பேர் என்பதோடு, சந்தேகம் தீர்க்க எத்தனை பேர் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். 120 பேருக்கு ஆறு பேர் உட்கார்ந்தால் அது 40 பேருக்கு ஒருவர் உட்காரும் இடத்தைவிட மேல். அந்த அறையில் இருக்கும் தலைகளை மட்டும் எண்ணாதீர்கள். அதே பாடத்தை நேரலையில் பார்ப்பவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இப்போது நம் தாளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். மாதிரி வகுப்பில் இதைச் செய்யாதீர்கள். அங்கே மையத்தின் சிறந்த ஆசிரியர் தனக்கு மிகவும் கைவந்த பாடத்தை எடுப்பார். ஏற்கெனவே சில மாதங்களாக நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் ஒரு நாள் உட்கார அனுமதி கேளுங்கள். சந்தேக நேரத்தில் தாளை நீட்டி, "ஐயா, எனக்கு 50 வருகிறது. ஏன் தவறு?" என்று கேளுங்கள்.

ஒருவர் உங்கள் தாளைப் பார்க்காமலே, இரண்டு வேகங்களின் பெருக்கலை இரட்டித்து, கூட்டலால் வகுத்து, 48 என்று எழுதிக் கொடுப்பார். விடை சரி. ஆனால் நீங்கள் கேட்டது 50 ஏன் தவறு என்பது. அதற்குப் பதில் வரவில்லை. கேள்வியைப் படம் பிடித்து அனுப்பினால் தீர்வு அனுப்பும் செயலிகளிலும் பெரும்பாலும் இதே குறைதான்.

இன்னொருவர், "ஊர் 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக எத்தனை மணி நேரம்?" என்று கேட்பார். இரண்டு. "திரும்ப?" மூன்று. அந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்: மெதுவான வேகத்தில் அதிக நேரம் பயணம் செய்திருக்கிறீர்கள். 240 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், 48. அவர் அதோடும் விடமாட்டார். "அப்படியானால் 50 எப்போது சரியாக இருக்கும்?" என்று கேட்பார். இரண்டு வேகத்திலும் சம நேரம் போயிருந்தால். இந்த ஒரு கேள்வியை ஆசிரியர் கேட்டுவிட்டால், எனக்கு அந்த மையத்தின் மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வகுப்பு முடிந்ததும் வெளியே வரும் மாணவர்களிடம் ஒரே கேள்வி: "கடைசியாகக் கேட்ட சந்தேகம் தீர எத்தனை நாள் ஆனது?" 'சந்தேகம் தீர்ப்பார்களா' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். நாள்கணக்கைக் கேட்டால்தான் உண்மை வரும். பலர் யோசித்துவிட்டு, "நான் கேட்பதையே விட்டுவிட்டேன்" என்றால், பணத்தைக் கட்டாமல் திரும்பி வாருங்கள்.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் எத்தனை பேர், உங்கள் கடைசிச் சந்தேகம் தீர எத்தனை நாள் ஆனது, இந்த இரண்டு எண்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மையத்தின் பெயர் வேண்டாம்.