இடையில் எங்கோ ஒரு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தோரு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். சராசரி மதிப்புத் தேற்றம் பற்றிப் பேசப் போகிறேன். பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இடைமதிப்புத் தேற்றம் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், லெக்ராஞ்சி பெயரோடு வருமே, அதுதான். பயப்படாதீர்கள், கரும்பலகை இல்லாமலே சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு என் தம்பி மகன் காரில் ஊருக்கு வந்தான். வந்ததும் அவன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வேகத்துல வந்தே?" "எண்பதைத் தாண்டவே இல்லம்மா, சத்தியமா" என்றான். அவன் போன் டீப்பாயில் கிடந்தது. சுங்கச்சாவடியில் காசு கழிந்ததும் குறுஞ்செய்தி வருமே, அதில் நேரமும் இருக்கும். முதல் சாவடி காலை ஏழு மணி, அடுத்த சாவடி ஏழரை. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அரை மணியில் நாற்பத்தைந்து என்றால் மணிக்குத் தொண்ணூறு.

"தம்பி, ஏதோ ஒரு நொடியில உன் முள் சரியா தொண்ணூறுல நின்னுருக்கு" என்றேன். "அது சராசரி, பெரியப்பா. நான் அப்படிப் போனேன்னு யார் பார்த்தது?" என்று வாதாடினான். யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் வழி முழுக்க எண்பதுக்குள் வந்திருந்தால் அரை மணியில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்க முடியாது. வழி முழுக்கத் தொண்ணூறுக்குக் கீழேயே வந்திருந்தாலும் நாற்பத்தைந்தை எட்டியிருக்க முடியாது. ஆகவே எங்கோ தொண்ணூறையோ அதற்கு மேலேயோ தொட்டாக வேண்டும். அதே மாதிரி, வழி முழுக்கத் தொண்ணூறுக்கு மேலேயே ஓடியிருந்தால் ஏழரைக்கு முன்பே சாவடிக்கு வந்திருப்பான். மேலேயே இருக்கவும் முடியாது, கீழேயே இருக்கவும் முடியாது. நடுவில் தொண்ணூறைக் கடந்துதான் ஆக வேண்டும். தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: மொத்தப் பயணத்தின் சராசரி வேகம், இடையில் ஏதோ ஒரு கணத்தின் உண்மையான வேகமாக இருந்தே தீரும். அந்தக் கணத்தைத்தான் புத்தகத்தில் சி என்று எழுதுகிறோம்.

அவன் அம்மாவுக்குத் தேற்றம் எல்லாம் தேவைப்படவில்லை, அது வேறு கதை.

இப்போது என் பழைய சண்டைக்கு வருகிறேன். பையன்கள் கணக்கைப் பார்த்ததும் "சார்பு தொடர்ச்சியானது, வகையிடத்தக்கது" என்று மந்திரம் மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு வகைக்கெழுவுக்கு, அதாவது அந்தந்தக் கணத்தின் வேகத்துக்கு, பாய்ந்துவிடுவார்கள். அந்த வரி எதற்கு என்று கேட்டால் "அதுக்கு ஒரு மார்க், சார்" என்பார்கள். அது எதற்கு என்று அந்தக் காரிலேயே பார்த்துவிடலாம்.

தொடர்ச்சி என்றால், கார் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கக் கூடாது. இருபதாவது கிலோமீட்டரில் மறைந்து முப்பதாவதில் முளைத்தால் முள் எண்பதிலேயே நின்றிருந்தும் சராசரி எகிறிவிடும். தொடக்கச் சாவடியிலும் கடைசிச் சாவடியிலும்கூட அந்தத் தாவல் கூடாது. அதனால்தான் தொடர்ச்சியை மூடிய இடைவெளியில், இரண்டு முனைகளையும் சேர்த்துச் சோதிக்கிறோம்.

இரண்டாவது, வகையிடத்தக்கது. அதாவது, இடையில் எந்தக் கணத்தைக் கேட்டாலும் வேகம் இதுதான் என்று சொல்ல முடிய வேண்டும். முதல் கால் மணி நேரம் சரியாக எண்பதில் போகிறான் என்று வையுங்கள், இருபது கிலோமீட்டர். அடுத்த கால் மணி சரியாக நூறில், இருபத்தைந்து கிலோமீட்டர். கூட்டினால் நாற்பத்தைந்து, சராசரி தொண்ணூறு. ஆனால் எண்பதிலிருந்து நூறுக்கு ஒரே நொடியில் முள் குதித்துவிட்டால் தொண்ணூறு எங்கே? எங்குமே இல்லை. கார் எங்கேயும் மறையவில்லை, தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் குதித்த அந்த ஒரு நொடியில் வேகம் எது என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த ஒரு புள்ளி போதும், உத்தரவாதம் போய்விடும். நிஜக் கார் அப்படிக் குதிக்காது. காகிதத்தில் எழுதும் சார்பின் சாய்வு குதிக்கும், காருக்கு வேகம் மாதிரி வளைவரைக்குச் சாய்வு. மட்டுக்குறி போட்ட எக்ஸ் பூஜ்ஜியத்தில் செய்வது இதைத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் வழுக்குவார்கள். நிபந்தனை தவறினால் சி இருக்கவே இருக்காது என்று அர்த்தம் இல்லை. குதித்த பிறகும் பையன் வேகத்தைக் குறைத்துத் தொண்ணூறைத் தொட்டிருக்கலாம். தேற்றம் உத்தரவாதம் தராது, அவ்வளவுதான்.

சரி, முனைகளில் வேகம் தெரிய வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் என் கட்சி. எக்ஸின் வர்க்கமூலம், பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை. பூஜ்ஜியத்தில் இதற்கு வகைக்கெழு கிடையாது, வளைவரை அங்கே செங்குத்தாக நிமிர்ந்து நிற்கிறது. நல்லாப் படிக்கிற பையன்கூட "தேற்றம் பொருந்தாது" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவான். தப்பு! வகைக்கெழுவைக் கேட்பது திறந்த இடைவெளியில், முனைகளை விட்டுவிட்டு உள்ளே மட்டும். பூஜ்ஜியம் முனை. அங்கே தொடர்ச்சி இருந்தால் போதும், இருக்கிறது. மூடியது தொடர்ச்சிக்கு, திறந்தது வகைக்கெழுவுக்கு. இன்னொரு தடவை சொல்கிறேன், மூடியது தொடர்ச்சிக்கு, திறந்தது வகைக்கெழுவுக்கு.

சி எது என்று பார்ப்போமா? ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, பூஜ்ஜியத்தினுடையது பூஜ்ஜியம். ஏற்றம் மூன்று, தூரம் ஒன்பது, சராசரிச் சாய்வு மூன்றில் ஒன்று. வகைக்கெழு, இரண்டு வர்க்கமூலம் எக்ஸ் என்பதன் தலைகீழ். அதை மூன்றில் ஒன்றுக்குச் சமப்படுத்தினால் வர்க்கமூலம் சி ஒன்றரை. ஆகவே சி இரண்டேகால். பூஜ்ஜியத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது, சரி. நடு என்றால் நாலரை என்று எதிர்பார்க்காதீர்கள். தேற்றம் உள்ளே ஏதோ ஓரிடம் என்றுதான் சொல்கிறது, பாதி வழி என்று சொல்லவில்லை.

உள்ளேதான் இருக்கிறதா என்று பார்ப்பது சும்மா சடங்கு இல்லை. எக்ஸ் கனத்திலிருந்து எக்ஸைக் கழியுங்கள், பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு வரை. பல்லுறுப்புக் கோவை, அதனால் எங்கும் தொடர்ச்சி, எங்கும் வகைக்கெழு, நிபந்தனையில் சிக்கல் இல்லை. பூஜ்ஜியத்தில் மதிப்பு பூஜ்ஜியம், இரண்டில் எட்டில் இரண்டு போக ஆறு. ஆறை இரண்டால் வகுத்தால் சராசரிச் சாய்வு மூன்று. வகைக்கெழு, மூன்று எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்று. அதை மூன்றுக்குச் சமப்படுத்தினால் சி வர்க்கம் மூன்றில் நான்கு. மூலம் எடுத்தால் இரண்டு விடை: கூட்டல் 1.15, கழித்தல் 1.15, ஏறத்தாழ. கழித்தல் விடை நம் இடைவெளியிலேயே இல்லை, தள்ளிவிட வேண்டும். விடைத்தாளில் இரண்டையும் எழுதி வைப்பார்கள். எதைத் திருத்துபவர் எடுத்துக்கொள்வது? ஏழு மணிக்குக் கிளம்பிய காருக்கு ஆறரை மணி வேகத்தைச் சொன்ன மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான். ரோல், கோஷி தேற்றங்களின் கதையெல்லாம் வைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். இது ஒன்று மட்டும்: நூற்றொன்றின் வர்க்கமூலம் என்ன? நூறிலிருந்து நூற்றொன்று வரை தேற்றத்தைப் போடுங்கள். பத்துக்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ, அது இரண்டு வர்க்கமூலம் சியின் தலைகீழ். சி நூறைவிடப் பெரிது, அதனால் கூடுவது இருபதில் ஒன்றுக்கும் குறைவு. விடை 10.05-ஐத் தாண்டாது. சி நூற்றொன்றைவிடச் சிறிது, அப்படியென்றால் வர்க்கமூலம் சியும் 10.05-க்குள்தான், அதனால் கூடுவது 20.1-இல் ஒன்றுக்கு மேல். விடை 10.0497-க்கும் 10.05-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, சி எது என்று கண்டுபிடிக்காமலே. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 10.0498 என்று தொடங்கும். வணக்கம்.