ஒரு நாள் முன்னே

"டியூஷன் வகுப்பு மாறும்போது வருகிற குழப்பத்துக்குப் பெரிதும் காரணம் செய்தி எழுதும் ஆசிரியரா, வாசிக்கும் பெற்றோரா?" இது நடுவர் கொடுத்த தலைப்பு.

"எழுதினது தமிழ், படிக்கிறது தமிழர். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டு, அப்புறம் தேதி தெரியலைன்னா அது யார் குத்தம்?" இது எதிரணித் தலைவர் கேட்டது.

நடுவர் அவர்களே, அவையோரே, பினாங்கு மக்களே, வணக்கம். எனக்கு எட்டு நிமிடம்தான். நேரே செய்திக்கு வருகிறேன்.

2024ஆம் ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25, வியாழக்கிழமை. என் மகளுக்குக் கணித டியூஷன் வாராவாரம் வியாழன் இரவு 7.30க்கு. அவளோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகள். அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் புலனக் குழுவில் எழுதினார். வரி மாறாமல் சொல்கிறேன். "அன்பான பெற்றோர்களே, தைப்பூச விடுமுறையை முன்னிட்டு இந்த வார வகுப்பு ஒரு நாள் முன்னே தள்ளப்படுகிறது. நேரம் வழக்கம் போல. நன்றி."

கேட்டீர்களா? இப்போது நீங்களே கை தூக்குங்கள். புதன்கிழமை என்று புரிந்தவர்கள்? நல்லது. வெள்ளிக்கிழமை என்று புரிந்தவர்கள்? பாருங்கள் நடுவர் அவர்களே, மண்டபம் நடுவில் பிளந்துவிட்டது! இங்கே யாருக்கும் தமிழ் தெரியாமல் இல்லை. "ஒரு நாள் முன்னே" என்றால் புதன். "தள்ளப்படுகிறது" என்றால் வெள்ளி. இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டினால் ஒரு மாடு கிழக்கே இழுக்கும், ஒரு மாடு மேற்கே இழுக்கும்.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைப் படித்தது என் மாமனார். மகளை டியூஷனுக்கு மோட்டாரில் கொண்டுபோய் விடுவது அவர்தான், அதனால் குழுவில் இருப்பது அவருடைய எண். அவர் "புதன்" என்றார். என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, தூக்கக் கலக்கத்தில் படித்துவிட்டு "வகுப்பு இல்லை" என்றார். விடுமுறை என்கிற சொல்லோடு அவருக்குக் கண் நின்றுவிட்டது. எனக்கு அது வெள்ளிக்கிழமை மாதிரி பட்டது. ஒரே வீடு, ஒரே செய்தி, மூன்று கிழமை.

சரி, டீச்சரையே கேட்டுவிடலாம் என்று நான் தனியாக எழுதினேன். "வெள்ளியா டீச்சர்?" அவ்வளவுதான் கேட்டேன். உடனே பதில் வந்தது. "வெள்ளி அப்புறம் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க." நான் வெள்ளிக்கிழமையைக் கேட்டேன். அவர், ஒரு வகுப்பு போகிறதே, கட்டணத்தில் வெள்ளி குறையுமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டார். அந்த ஜனவரியில் நாலே வியாழன். மாதம் எண்பது வெள்ளி என்றால் வகுப்புக்கு இருபது வெள்ளி. அவர் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது! நான் அதைச் சத்தமாகப் படிக்கிறேன், மாமனார் கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறார். "வெள்ளி முதல் நாளே வந்துரும்மா, புதன் காலையிலேயே கிளம்பிரும்!" அவர் சொன்னது வெள்ளி ரதத்தை. பினாங்கில் தை மாதத்தில் வெள்ளி என்று ஒரு சொல்லைத் தனியாக எழுதவே கூடாது நடுவர் அவர்களே. கிழமையும் வெள்ளி, காசும் வெள்ளி, முருகன் ஏறி வருகிற தேரும் வெள்ளி!

இங்கேதான் எதிரணித் தலைவருக்குப் பதில். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விஷயம் தெரிந்தவர். அனுப்பியவர் தன் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு காட்டும் என்றார். உண்மை. எட்டு வீட்டிலும் படித்திருந்தோம். ஆறு வீட்டிலிருந்து கட்டைவிரல் போயிருந்தது. ஐயா, அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்? "பார்த்துவிட்டேன் டீச்சர்" என்று அர்த்தம். நான் எந்தக் கிழமை என்று புரிந்துகொண்டேன் என்பது அதில் எங்கே இருக்கிறது? என் மாமனாரின் கட்டைவிரல் புதன்கிழமை. என் எதிர்வீட்டு அக்காவின் கட்டைவிரல் வெள்ளிக்கிழமை. இரண்டும் ஒரே மஞ்சள் நிறம். கட்டைவிரல் கேட்டால் கட்டைவிரல்தான் வரும். கிழமை வேண்டுமென்றால் கிழமையைக் கேட்க வேண்டும். "பார்த்தவர்கள் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதவும்" என்று ஒரு வரி இருந்தால் போதும். தப்பாகப் புரிந்தவர் "புதன்" என்று எழுதுவார், அந்த நிமிடமே பிடித்துவிடலாம்.

எதிரணியில் அடுத்துப் பேசிய தம்பி, "டீச்சர் தேதி போட்டிருந்தால் முடிந்தது" என்றார். பாதி சரி. அது எங்கள் கட்சி, அதற்கு நன்றி. ஆனால் தேதி மட்டும் போதாது. டீச்சர் மனத்தில் இருந்தது வெள்ளி, 26ஆம் தேதி. புதன்கிழமை என்றே வைத்துக்கொண்டாலும் 24ஆம் தேதி. காலண்டரில் சிவப்பு 25க்கு மட்டும்தான். ஆனால் இந்த ஊரில் தைப்பூசம் ஒரு நாளா? முதல் நாள் விடியற்காலை குயின் ஸ்திரீட்டிலிருந்து தங்க ரதம், பினாங் ஸ்திரீட்டிலிருந்து வெள்ளி ரதம். தேர் கெபுன் பூங்கா சாலைக்குள் நுழைய இரவாகிவிடும். மறுநாள் பூசம். அதற்கு மறுநாள் தேர் திரும்புகிறது. மூன்று நாளும் சாலை அடைப்பு. விடுமுறை நாளை விட்டு முன்னே போனாலும் தேர், பின்னே போனாலும் தேர். டீச்சர் விடுமுறையைத்தான் பார்த்தார், சாலையைப் பார்க்கவில்லை.

மூன்றாவதாகப் பேசிய அம்மா தன் மகனின் மிருதங்க மாஸ்டர் முன்பணம் திருப்பித் தராத கதையைச் சொன்னார். வருத்தமான விஷயம்தான், ஆனால் அது இந்தத் தலைப்பு இல்லை.

அப்படியானால் எப்படி எழுதியிருக்கலாம்? எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், படிக்கிறேன். "வகுப்பு மாற்றம். ஜனவரி 25, வியாழன் வகுப்பு இல்லை. அதற்குப் பதிலாக ஜனவரி 27, சனிக்கிழமை, காலை 10.00 முதல் 11.30 வரை. இடம் அதே. பிப்ரவரி 1, வியாழன் முதல் வழக்கம் போல இரவு 7.30. இந்த மாதக் கட்டணத்தில் மாற்றம் இல்லை. சனி வர முடியாதவர்கள் செவ்வாய்க்குள் சொல்லவும். பார்த்தவர்கள் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று பதில் எழுதவும்." முன்னே இல்லை, பின்னே இல்லை, தள்ளவே இல்லை. எது இல்லையோ அது முதலில், எது உண்டோ அது அடுத்து. "இந்த வாரம்" என்கிற சொல்லே வேண்டாம். ஞாயிறு ராத்திரி எழுதினால் அது எந்த வாரம் என்று அதற்கு வேறு தனிப் பட்டிமன்றம் வைக்க வேண்டும். இதையே கோலாலம்பூர் டீச்சர் அப்படியே நகல் எடுக்க முடியாது. அங்கே பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், அதுவும் விடுமுறை.

டீச்சர் திருத்தாமல் இல்லை. செவ்வாய்க்கிழமை யாரோ கேட்டதற்கு "வெள்ளிக்கிழமைதான்" என்று கீழே ஒரு பதில் போட்டிருக்கிறார். அதற்கு மேலே நாற்பது வேல் படம், கீழே நாற்பது மயில் படம், எல்லாம் தைப்பூச வாழ்த்து. மாமனார் அதைப் பார்க்கவில்லை. திருத்தம் என்றால் "திருத்தம்" என்று தலைப்புப் போட்டு முழுச் செய்தியையும் மறுபடி புதிதாக அனுப்ப வேண்டும். எட்டு வீட்டுக்கும் தனித்தனியாக அழைக்க வேண்டுமா என்றால், அதில் எங்கள் அணிக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரு டீச்சருக்கு நாலு வகுப்பு இருந்தால் அது சாத்தியமா என்று எனக்கும் தெரியவில்லை.

நடுவர் முதல் மணி அடித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் என் மாமனார் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் பால்குடம் எடுப்பதற்கு விரதத்தில் இருந்தார். தேர் போகிற சாலையைக் கடந்துதான் டீச்சர் வீடு. மோட்டாரைப் போலீஸ் திருப்பி விட்டுவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தார்கள். உடைத்த தேங்காய் சாலை முழுக்கக் கிடந்தது, தண்ணீர் வழுக்கியது. அவருக்கு வலது முழங்கால் சரியில்லை. பிள்ளையின் கணிதப் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம். 7.15க்கே போய்விட்டார்கள். கேட் பூட்டியிருந்தது. எங்களைப் போல இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். எட்டு மணி வரை நின்றார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கேட் திறந்தபோது வந்தது இரண்டே பேர். மிச்சம் மூன்று பேர் எந்த நாளும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் என்னிடம் சொன்னாள். கேட்டுக்கு வெளியே நிற்கும்போது தாத்தா கைப்பேசியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியை விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாராம். அப்புறம் அவளிடம் சொன்னாராம். "மன்னிச்சிருடா கண்ணு. தாத்தா தோட்டப் பள்ளியில ஆறாம் வகுப்புதான் படிச்சேன். தாத்தாதான் தப்பாப் படிச்சிட்டேன் போல."

எதிரணித் தலைவர் அவர்களே, நீங்கள் குற்றவாளி என்று காட்டிய வாசகர் அவர்தான். இதோ மூன்றாவது வரிசை, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் என் மகள். இரண்டு பேரும் அந்த ராத்திரியைப் பற்றி இதுவரைக்கும் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மருமகள், உங்கள் முன்னால் குரல் உயர்த்திப் பேசியதில்லை மாமா. இன்றைக்கு ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது, இத்தனை பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள் மாமா.