ஸ்பிரின்ட்டில் எவ்வளவு வேலை ஏற்றுவது?

[திரை: ஓட்டப்பாதை. மெல்ல அது பத்துக் கட்டங்கள் உள்ள நாட்காட்டியாக மாறுகிறது.]

நூறு மீட்டர் ஓட்டத்தில் தூரம் மாறாது; அதை எவ்வளவு நேரத்தில் ஓடி முடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மென்பொருள் டீம்கள் வேலையைச் சிறு சிறு காலப் பகுதிகளாகப் பிரித்துச் செய்வது ஸ்க்ரம் முறை; அதில் ஒரு பகுதிதான் ஸ்பிரின்ட். இது ஓட்டத்துக்கு நேர் தலைகீழ். இங்கே மாறாதது நேரம். அதற்குள் எவ்வளவு வேலை அடங்கும் என்று பார்க்கிறோம்.

ஸ்பிரின்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஸ்க்ரம் கைடு. பல டீம்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன. ஒன்று முடிந்ததும் அடுத்தது தொடங்கிவிடும். ஓட்டக்காரர் கோட்டைத் தாண்டிய பிறகு படுத்துவிடலாம். டெவலப்பர் அடுத்த பிளானிங்கில் உட்கார வேண்டும். முழு மூச்சில் ஓடினால் மூன்றாவது ஸ்பிரின்ட்டுக்கு ஆள் தேறாது.

[திரை: 50 – 5 – 3 – 6 = 36]

கணக்கைப் பார்ப்போம். நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், 10 வேலைநாள். மொத்தம் 50 ஆள்நாள். கூட்டங்களுக்கு ஆளுக்கு ஒரு நாள் என 5 போகும். ஒருவருக்கு 3 நாள் லீவு. லைவில் வரும் பிரச்சினைகளுக்கு 6 ஒதுக்குகிறோம். மிச்சம் 36. அதற்குள் எவ்வளவு முடியும் என்பதைப் பழைய கணக்குதான் சொல்லும். வேலையின் அளவைப் பாயின்ட்டில் மதிப்பிடுகிறோம்; கடந்த மூன்று ஸ்பிரின்ட்களில் இந்த டீம் முடித்தது 22, 25, 22 பாயின்ட், சராசரி 23. லீவையும் சேர்த்து யோசித்தால் 21 எடுப்பது நிதானம்.

"ஸ்பிரின்ட்தானே, கொஞ்சம் வேகமாகப் போங்களேன்" என்று மேனேஜர் 32 ஏற்றுகிறார் என்று வையுங்கள்.

ஸ்டோரி எனப்படும் தனித்தனி வேலைகளில் ஆளுக்கு இரண்டை ஒரே நேரத்தில் திறப்பார்கள். எட்டாம் நாள் எல்லாம் மொத்தமாக டெஸ்டர் தலையில் விழும். அவர் பிடிக்கும் பக்கைத் திருத்தி மறுபடி டெஸ்ட் செய்ய நாள் இருக்காது. கடைசியில் 14 பாயின்ட்தான் முடியும். மற்றதெல்லாம் "90% ஆச்சு". அரைகுறை ஸ்டோரிக்குப் பாயின்ட் பூஜ்யம்.

[திரை: மிச்ச வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு எட்டு நாள் படுத்துக்கிடந்து, பிறகு செங்குத்தாக விழுகிறது.]

எட்டாம் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐந்தாம் நாள் முடிவில் போர்டில் 'டன்' பகுதி காலியாக இருந்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

அப்போது இரவு வேலையும் வேண்டாம், ஸ்பிரின்ட்டை இரண்டு நாள் நீட்டவும் வேண்டாம். நீட்டினால் அடுத்த முறை ஒப்பிட உங்களிடம் உருப்படியான எண் இருக்காது. எந்த வேலை முக்கியம் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனரோடு உட்கார்ந்து ஸ்டோரிகளைக் குறையுங்கள். "வாடிக்கையாளர் யுபிஐ-யில் பணம் கட்ட வேண்டும்" என்பது ஸ்பிரின்ட் இலக்கு என்றால், ரீஃபண்ட் ரிப்போர்ட் வெளியே போகலாம். பணம் கட்டும் ஸ்டோரியின் டெஸ்டிங் போகக் கூடாது. 2011-லேயே ஸ்க்ரம் கைடு, எடுக்கும் வேலையை 'வாக்குறுதி' என்று சொல்வதை விட்டு 'கணிப்பு' என்று மாற்றிவிட்டது. பல அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வெளியே போன ஸ்டோரி தானாக அடுத்த ஸ்பிரின்ட்டில் ஏறாது. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகுக்குத் திரும்பி, மிச்ச வேலைக்குப் புதிதாக மதிப்பிடப்பட்டு, மற்ற ஸ்டோரிகளோடு வரிசையில் நிற்கும்.