கேட்காமல் வந்த அரிசி மூட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டப் படிப்பு முடித்து சிவில் நீதிபதி தேர்வுக்கோ அகில இந்திய பார் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஒப்பந்தச் சட்டம் நடத்தி வருகிறேன். அதில் நன்றாகப் படித்தவர்கள்கூடத் தவறுகிற ஓர் இடம் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் ஐந்தாம் அத்தியாயம். பிரிவு 68 முதல் 72 வரை மொத்தம் ஐந்தே பிரிவுகள். வகுப்பில் இதை ‘குவாசி கான்ட்ராக்ட்’ என்போம். ஆனால் சட்டம் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை. ‘ஒப்பந்தத்தால் உண்டாகும் உறவுகளைப் போன்ற சில உறவுகள்’ என்றுதான் தலைப்பு வைத்திருக்கிறது. ‘போன்ற’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இங்கே ஒப்பந்தமே கிடையாது. யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை மட்டும் இருக்கிறது.

ஒரு கொள்குறி வினாவைச் சொல்கிறேன், கேளுங்கள். மளிகைக் கடைப் பையன் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை எதிர்வீட்டில் இறக்குவதற்குப் பதிலாகச் செல்வி வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போகிறான். செல்வி அரிசி கேட்டவரில்லை. ஆனாலும் மூட்டையை உள்ளே எடுத்து வைத்துப் பத்து நாள் சமைத்துவிடுகிறார். பிறகு கடைக்காரர் வந்து பணம் கேட்கிறார். செல்வி தரவேண்டுமா? விடைகள் நான்கு. முதலாவது, அவர் ஆர்டர் கொடுக்கவில்லை, அதனால் தரவேண்டியதில்லை. இரண்டாவது, பிழை கடைக்காரருடையது, அதனால் தரவேண்டியதில்லை. மூன்றாவது, பிரிவு 70இன்படி தரவேண்டும். நான்காவது, பிரிவு 68இன்படி தரவேண்டும்.

வகுப்பில் முதல் விடைக்கு எப்போதும் கைகள் உயரும். அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. அந்த அத்தியாயத்துக்கு வரும்வரை முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் என்றே படித்துவிட்டு வருகிறோம். அவை இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை என்று மனது பழகிவிடுகிறது. ஆனால் சரியான விடை மூன்றாவது. பிரிவு 70இன் கீழே சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டும் ஏறக்குறைய இதுதான்: வணிகர் ஒருவர் பொருளைத் தவறுதலாக இன்னொருவர் வீட்டில் விட்டுவிடுகிறார், வீட்டுக்காரர் அதைத் தன் பொருளாக எடுத்துக்கொள்கிறார், அதனால் விலை தரவேண்டும். நான்காவது விடையான பிரிவு 68 சிறுவர், மனநிலை சரியில்லாதவர் போன்று ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர்களுக்கு அவசியப் பொருள் கொடுத்தவர், அவர்களுடைய சொத்திலிருந்து அதை ஈடுசெய்துகொள்வதைப் பற்றியது. செல்வி தகுதியுள்ளவர், அதனால் அது இங்கே வராது.

பிரிவு 70 மூன்று விஷயங்களைக் கேட்கிறது. செய்தவர் அதைச் சட்டப்படி செய்திருக்கவேண்டும். இலவசமாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கக்கூடாது. மற்றவர் அதன் பயனை அனுபவித்திருக்கவேண்டும். மூன்றும் இருந்தால், பொருளைத் திருப்பித் தரவேண்டும், அல்லது ஈட்டுத்தொகை தரவேண்டும். அதனால் இதே கேள்வியில் மூட்டை பிரிக்கப்படாமல் திண்ணையிலேயே கிடந்தது என்றால் விடை மாறும். “எடுத்துக்கொண்டு போங்க” என்று செல்வி சொன்னால் அவர் கடமை முடிந்தது. பயனை அவர் அனுபவிக்கவில்லை.

இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் தேர்வு எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பக்கத்து வீட்டு வைக்கோற்போரில் தீப்பிடித்துவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தீர்கள். மறுநாள் கூலி கேட்கலாமா? பிரிவு 70இன் இரண்டாவது எடுத்துக்காட்டு இதைப் பற்றியது. இலவசமாகச் செய்யும் எண்ணத்தோடு செய்தார் என்று சூழ்நிலை காட்டினால் ஈடு கேட்க முடியாது. ‘சூழ்நிலை’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னாரா என்பது பெரிதல்ல. கேள்வியில் ‘நண்பர்’, ‘அண்டை வீட்டார்’, ‘உறவினர்’ என்று ஒரு சொல் வந்தால் அது சும்மா வந்த சொல் அல்ல. அதுபோலவே ‘வழக்கமாகக் கூலிக்கு இதைச் செய்கிறவர்’ என்று வந்தால் எண்ணம் வேறு பக்கம் சாய்கிறது.

நம் பக்கத்து வழக்கு ஒன்று இந்தப் பிரிவை நன்றாக விளக்குகிறது. தாமோதர முதலியார் எதிர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், சென்னை உயர் நீதிமன்றம், 1894. ஒரே ஏரியிலிருந்து பாசனம் பெறும் கிராமங்கள். அவற்றில் சில ஜமீன் கிராமங்கள், மற்றவை அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி கிராமங்கள். ஏரியைக் காப்பாற்றத் தேவையான பழுதுபார்ப்பை அரசு செய்தது. ஜமீன்தார்களுக்காக அதை இலவசமாகச் செய்யும் எண்ணம் அரசுக்கு இல்லை. பிறகு அவர்களிடம் பங்கு கேட்டது. தரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதில் இரண்டு விஷயங்கள் பிடிபடவேண்டும். அரசும் ஜமீன்தார்களும் இதற்காக ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. அப்புறம், அரசு தன் கிராமங்களுக்காகவும் சேர்த்துத்தான் அந்த வேலையைச் செய்தது. தனக்கும் பயன் இருந்தது என்பதால் மற்றவரிடம் கேட்கும் உரிமை போய்விடவில்லை. ‘செய்தவருக்கும் பயன் உண்டு, அதனால் பிரிவு 70 பொருந்தாது’ என்று ஒரு விடை வந்தால் இந்த ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்துவிட்டுப் பணம் கேட்கலாமா? நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது ஒரு பெயிண்டர் உங்கள் மதில் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு, “சுவர் புதுசாயிடுச்சு, பணம் கொடுங்க” என்றால்? அரிசி மூட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம், அடித்த பெயிண்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இதற்கான வழியை மேற்கு வங்க அரசு எதிர் பி. கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது. 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வந்த வழக்கு அது. ஒருவர் கொடுத்ததையோ செய்ததையோ ஏற்கவும் மறுக்கவும் மற்றவருக்கு இடம் இருக்கவேண்டும், மறுக்க முடிந்தும் ஏற்று அனுபவித்தால்தான் பொறுப்பு வரும் என்று நீதிமன்றம் விளக்கியது. சுவர்க்காரருக்கு அந்த இடமே கிடைக்கவில்லை. அதனால் பெயிண்டரின் கோரிக்கை நிற்காது.

மண்டல் வழக்கின் கதையும் தேர்வுக்கு முக்கியம். 1944இல் ஹூக்ளி மாவட்டத்து ஆராம்பாகில், உணவுப் பொருள் வழங்கும் துறைக்காக ஒப்பந்ததாரரான மண்டல் தரப்பு கிடங்குகள் கட்டிக் கொடுத்தது. அரசு அவற்றைப் பயன்படுத்தியது. பணம் கேட்டபோது, 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பிரிவு 175(3) சொல்லும் முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று அரசு வாதாடியது. முறைப்படி எழுதாததால் ஒப்பந்தம் செல்லாது என்பது சரிதான். ஆனாலும் பிரிவு 70இன்படி ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இங்கே வினாத்தாள் இரண்டு கண்ணிகள் வைக்கும். ‘ஒப்பந்தம் செல்லாது, ஆகவே எதுவும் தரவேண்டாம்’ என்பது ஒன்று. ‘ஒப்பந்தத்தில் பேசிய விலையை அப்படியே தரவேண்டும்’ என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. கிடைத்த பயனுக்கு நியாயமான ஈடுதான் கேட்க முடியும். செல்லாத ஒப்பந்தத்தை வைத்து விலையை வாங்க முடியாது.

இப்போது பிரிவு 72க்கு வருவோம். பிழையாகவோ வற்புறுத்தலினாலோ பணம் செலுத்தப்பட்டால், பெற்றவர் அதைத் திருப்பித் தரவேண்டும். பிரிவு 70இன் மூன்று நிபந்தனைகளை இங்கே தேடவேண்டாம். ஒரு பெண்மணி தன் அண்ணனுக்கு 15,000 ரூபாய் அனுப்பும்போது எண்ணில் ஓர் இலக்கம் மாறி, முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போய்விடுகிறது என்று வையுங்கள். ‘அனுப்பியவர் கவனக்குறைவாக இருந்தார்’ என்பது தப்பிக்க வழியாகாது. பிழை என்றாலே பெரும்பாலும் கவனம் தவறியதுதான். ஆனால் வேறு ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொடுக்கவேண்டியதில்லை என்று நன்றாகத் தெரிந்தே ஒருவர் கொடுத்திருந்தால் பிழை என்பதே அங்கே இல்லை. கேள்வியில் ‘தெரிந்தே’ என்ற சொல் வந்தால் பிரிவு 72ஐ விட்டுவிடுங்கள்.

அடுத்து, சட்டத்தைப் பற்றிய பிழை. வரி கட்டவேண்டும் என்று நினைத்துக் கட்டியாயிற்று. பிறகு அந்த வரியே செல்லாது என்று தெரிகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? பிரிவு 21ஐப் படித்தவர் உடனே ‘கிடைக்காது’ என்பார். இந்தியாவில் நடைமுறையில் உள்ள சட்டத்தைப் பற்றிய பிழையால் ஒப்பந்தம் தள்ளிவிடத்தக்கது ஆகாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் அது ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சு. பிரிவு 72இல் வெறும் ‘பிழை’ என்றுதான் இருக்கிறது, எந்த வகைப் பிழை என்று பிரித்துச் சொல்லவில்லை. கன்ஹையா லால் முகுந்த் லால் சராஃப் வழக்கு இதற்கு விடை. பனாரஸில் தங்கம், வெள்ளி வியாபாரம் செய்த நிறுவனம் முன்பேர வியாபாரத்துக்கு விற்பனை வரி கட்டியிருந்தது. அந்த வரி விதிப்பு அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னபிறகு, கட்டியதைத் திருப்பிக் கேட்டது. சட்டத்தைப் பற்றிய பிழையும் பிரிவு 72க்குள் அடங்கும் என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். தொகுப்புகளில் 1959 என்று இருக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை வகுத்தது மஃபத்லால் வழக்கில், 1996 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தந்த தீர்ப்பு. வியாபாரி தான் கட்டிய வரியை விலையோடு சேர்த்து வாங்குகிறவர்களிடம் ஏற்கெனவே வசூலித்துவிட்டால், அவருக்கு இழப்பு இல்லை. அந்தப் பணத்தை அவர் அரசிடமும் பெற்றால் ஒரே தொகை இரண்டு முறை அவர் கைக்கு வரும். அதனால் சுமையைப் பிறர்மேல் ஏற்றவில்லை என்று அவர் காட்டினால்தான் திருப்பிக் கிடைக்கும். இந்தத் தீர்ப்பை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனது நிறையும். இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: இப்போது யாருடைய பணம் யாரிடம் இருக்கிறது?

நேரம் முடியப்போகிறது. கடைசியாக ஒரு கேள்வி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒருவரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள். அண்ணன் முழுக்கடனையும் அடைத்துவிடுகிறார். அது தெரியாமல் தம்பியும் வந்து அதே தொகையைக் கொடுக்கிறார். கடன் கொடுத்தவர், “தம்பியும் கடன்காரர்தானே, அவர் கொடுத்தது எனக்கு உரியதுதான்” என்கிறார். சட்டம் பிரிவு 72க்குத் தரும் முதல் எடுத்துக்காட்டிலும் இதே நிலைதான் வருகிறது. தம்பி கொடுத்தபோது அந்தக் கடன் இல்லாமலே போயிருந்தது. கடன் கொடுத்தவர் அதைத் தம்பிக்குத் திருப்பித் தரவேண்டும்.

வணக்கம்.