சீட்டு அச்சாகி வருவதற்குள்

“பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். கவுன்டரில் நின்றுகொண்டு ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பவர் அடுத்தவர் நேரத்தைத் திருடுகிறார். போனில் டோக்கன் போட்டால் வாயையே திறக்க வேண்டாம்.”
– எதிரணித் தலைவர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கவுன்டரிலும் கடையிலும் பஸ்ஸிலும் எதிரில் இருப்பவரிடம் கனிவாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பது எங்கள் அணி, வேண்டாம் என்பது எதிரணி. மணி அடிப்பதற்குள் உங்களை ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏழரை மணி. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும். எதிரணித் தலைவர் சொன்னபடியே என் தம்பி போனில் டோக்கன் போட்டிருந்தான். பதினாலாம் நம்பர், டாக்டர் பத்து மணிக்கு வருவார். கவுன்டரில் இருபது இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி. அம்மா பழைய ஃபைலை நீட்டினார். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள், பிரின்டர் உறுமத் தொடங்கியது. சீட்டு வெளியே வர ஆறேழு விநாடி ஆகும். அந்த இடைவெளியில்தான் அம்மா கேட்டார்.

“காலையிலேயே வந்துட்டியே கண்ணு, பஸ் கெடச்சுச்சா?”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “கெடச்சுதும்மா, ஆறரைக்கே டூட்டி” என்றாள். சீட்டைக் கிழித்துக் கொடுக்கப் போனவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “நீங்க சாப்பிட்டீங்களா?”

ஐயா, கவனியுங்கள். எந்தக் கேள்வியை நேரத் திருட்டு என்றீர்களோ, அதே கேள்வி! கேட்டது எங்கள் அம்மா இல்லை, கவுன்டருக்கு உள்ளே இருந்தவள்.

“இல்லம்மா, இனிமேத்தான் கேன்டீனுக்குப் போகணும்.”

“போகாதீங்க, இருங்க.” ஃபைலைப் புரட்டினாள். போன முறை டாக்டர் எழுதிய சீட்டின் அடியில் ஒரு வரி இருந்தது. அடுத்த தடவை வரும்போது வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்த்து வர வேண்டும் என்று. அம்மாவும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, டோக்கன் போட்ட தம்பிக்கு அந்தச் சீட்டே தெரியாது. “இப்பவே லேப்ல வெறும் வயித்து ரத்தம் குடுத்துருங்க. தண்ணி குடிக்கலாம், காபி வேண்டாம். சுகர் மாத்திரையும் ரத்தம் குடுத்துட்டு டிபனோட போடுங்க. சாப்பிட ஆரம்பிக்கிற நேரத்தைப் பாத்து வச்சுக்குங்க, அதுலருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை.”

ஏழே முக்காலுக்கு ரத்தம் கொடுத்தோம். எட்டு மணிக்கு இட்லி. பத்து மணிக்கு இரண்டாவது ரத்தம். பதினொன்றேகாலுக்கு டாக்டர் கூப்பிட்டபோது இரண்டு ரிசல்ட்டும் கையில் இருந்தன. பன்னிரண்டரைக்கு வீட்டில் சோறு.

இப்போது இதே காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அதே கவுன்டர், அதே பெண், அதே பிரின்டர். எங்களுக்கு அடுத்து நின்றவர் ஒரு பெரியவர், பதினைந்தாம் நம்பர். “பதினஞ்சு” என்றார். சீட்டு வந்தது, வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறேழு விநாடி அவருக்கும் இருந்தது. பிரின்டர் மட்டும் பேசியது. பதினொன்றரைக்கு உள்ளே போனவர் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார். டாக்டர் “டெஸ்ட் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். இவர் காலையில் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டார். மறுநாள் வெறும் வயிற்றோடு மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். அவர் வந்தது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து. போக வர இன்னொரு நாள் போச்சு. அவரும் டோக்கன் போனில்தான் போட்டிருந்தார், எதிரணித் தலைவரே!

“பெரியவருக்கும் அந்தப் பெண் சொல்லியிருக்க வேண்டாமா? பேசினவருக்கு ஒன்று, பேசாதவருக்கு ஒன்றா?” என்று நடுவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு அதற்கு முழுப் பதில் தெரியாது. எல்லா ஃபைலையும் பிரித்துப் பார்ப்பது அவள் வேலையாக இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அதற்கு இன்னும் இரண்டு பேரை அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள், பக்கத்தில் அடித்துக்கொண்டே இருக்கிற போன் வேறு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு விநாடி ஆளைப் பார்த்தாள். ஆளைப் பார்த்ததும், நாங்கள் கேட்கத் தெரியாத ஒன்றை அவளாகச் சொன்னாள்.

எதிரணித் தலைவர் சொன்னதில் பாதி சரி, அதை நான் மறைக்கப் போவதில்லை. கூட்டமான வரிசையில் குசலம் விசாரித்து நிற்பது தப்பு. ஆனால் எங்கள் அம்மா வேலையை நிறுத்திவிட்டுப் பேசவில்லை, வேலை நடக்கும்போது பேசினார். தராசில் துவரம் பருப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது, பில் அடிக்கும்போது, சில்லறை எண்ணும்போது எதிரில் இருப்பவர் கை நம் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அங்கே ஒரு வாக்கியம். முதலில் நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் அந்த ஒரு வார்த்தை. வேலையைச் சொல்லாமல் “எப்படி இருக்கீங்க” என்று ஆரம்பித்தால், ‘இவர் என்ன கேட்கப் போகிறாரோ’ என்று எதிரில் இருப்பவர் பதற்றப்படுகிறார்.

எப்போது பேசக் கூடாது என்பதற்கு எங்கள் மாமாவைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். அவர் காலத்தில் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட். ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் அதுவரை போன டிக்கெட் கணக்கை இன்வாய்ஸில் எழுதி முடிக்க வேண்டும். எழுதுவதற்குள் செக்கர் ஏறிவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “நான் கம்பியில சாஞ்சு பேனாவை எடுத்துட்டேன்னா, சாமியே வந்தாலும் பேசாதே” என்பார். எழுதி முடித்து பேனாவைப் பையில் வைத்த பிறகு, “அண்ணே, ஊருக்குப் புதுசு, காளவாசல் வந்ததும் ஒரு குரல் குடுங்க” என்று கேட்டவரை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. சில்லறைக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. பெரிய நோட்டு வைத்திருப்பவர் ஏறியதுமே “சில்லறை இல்லண்ணே, மெதுவாக் குடுங்க” என்று சொல்லிவிட்டால், பாக்கியை டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து, இறங்குவதற்குள் சேர்த்துவிடுவார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பவரிடம்தான் சண்டை வரும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் சீட்டு வாங்க வேண்டும். அதற்கும், கண்டக்டர் கேட்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்கும் இடத்தை நாமே சொன்னால் போதும் என்கிறார் மாமா.

எங்கள் அணியில் எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ஆட்டோ அண்ணனிடம் முக்கால் மணி நேரம் அவர் மகள் கல்யாணக் கதை கேட்டதைச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் சகோதரி, தலைப்பு அதுவல்ல. அது நட்பு, அதற்கு நேரமும் விருப்பமும் இரண்டு பக்கமும் வேண்டும். நான் சொல்வது ஆட்டோவில் ஏறும்போது நான்கு இலக்க ஓடிபியைச் சொல்லிவிட்டு, “வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேனா? எந்த வழியா போனா ட்ராஃபிக் கம்மிண்ணே?” என்று கேட்பது. அவர் நேற்று தோண்டிப் போட்ட தெருவைச் சொல்வார். அது மேப்பில் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “எந்த ஊரு?” என்று கேட்கிறோம், சரி. “ஊர்ல எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி கேட்டால் அது எங்கே போகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாதி தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வியைக் கனிவு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கவுன்டரில் இருக்கிற பெண்ணிடம் “கல்யாணம் ஆயிருச்சா, வீடு எங்கே” என்று கேட்கிறவரையும் என் அணியில் சேர்க்க மாட்டேன். அவள் எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெயிலைப் பற்றிப் பேசு, பஸ்ஸைப் பற்றிப் பேசு, அவள் கையிலிருக்கிற வேலையைப் பற்றிப் பேசு. பதில் ஒரு சொல்லில் வந்தால் அதோடு விட்டுவிடு.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. ஒரே ஒரு நிமிஷம்.

அம்மாவுக்கு அப்புறம் மாத்திரை போதாமல் இன்சுலின் போடச் சொன்னார்கள். எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன மெடிக்கல். இன்சுலினை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அந்தக் கடையில் இருப்பதோ சின்ன ஃப்ரிட்ஜ், கடைக்காரர் நாலைந்துதான் வாங்கி வைப்பார். பல நாள் தீர்ந்துபோய், மெயின் ரோட்டுக்கு நடப்போம். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். காசு கொடுத்துவிட்டு, அவர் பாக்கி எண்ணும்போது, “தம்பி, அடுத்த அஞ்சாம் தேதி வருவேன். பையன் நல்லாப் படிக்கிறானா?” என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அஞ்சாம் தேதி இன்சுலின் இல்லாமல் நாங்கள் திரும்பியதே இல்லை.

போன ஏப்ரலில் அம்மா தவறிவிட்டார்.

ஜூனில் எனக்குத் தலைவலி மாத்திரை வாங்க அந்தக் கடைக்குப் போனேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரு டப்பா, மேலே ரப்பர் பேண்டில் சொருகிய துண்டுச் சீட்டில் ‘அம்மா – 5’ என்று எழுதியிருந்தது. “ஊருக்குப் போயிருக்காங்களாக்கா? ரெண்டு மாசமா எடுத்தே வச்சிருக்கேன்.”

நான் சொன்னேன்.

அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற நாலு பேரில் ஒருவர்கூட “சீக்கிரம்” என்று சொல்லவில்லை.

“பையனுக்கு ரிசல்ட் வந்துருச்சுக்கா. பத்தாவது. அம்மா வந்தா சொல்லணும்னு இருந்தேன்.”

“எவ்வளவு தம்பி?” என்று கேட்டேன்.

“நானூத்தி பன்னெண்டு.”

நன்றி, வணக்கம்.